ஏற்காட்டிலிருந்து லூர்து, பாத்திமா, உரோமை திருப்பயணம்: யூரோ கணக்கும் காப்புத் தொகையும் (உறுப்பினர் கடிதம், பார்த்துச் சொல்லுங்க)

அன்பியப் பொருளாளர், ஏற்காடு

எங்கள் பங்கிலிருந்து வரும் 2026 மே மாதம் 32 பேர் திருப்பயணம் போகிறோம். மே 13 பாத்திமா விழாவுக்கு அங்கே இருக்க வேண்டும் என்று தேதி வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வாசிக்கப் போகும் கடிதம் கீழே. நம் ஆட்களில் எஸ்டேட் வேலை செய்பவர்களும் உண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வாசிப்பில் புரிய வேண்டும். கணக்கு பிடிபடுவதற்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்து எழுதியிருக்கிறேன். வாசிக்கும் நாளில் அன்றைய ரேட்டைப் போட்டு எல்லா எண்ணையும் திருத்திவிடுவேன்.

*கடிதம்:*

கிறிஸ்துவில் அன்பான சகோதர சகோதரிகளே,

ஒருவருக்கு ஆகும் செலவு மூன்று வகை. விமான டிக்கெட் ரூ.80,000. இது ரூபாயில் வாங்குவது, டிக்கெட் கையில் வந்துவிட்டால் மாறாது. விசாவும் பயணக் காப்பீடும் சேர்த்து ரூ.14,000. விசாக் கட்டணம் 90 யூரோ என்று சொன்னாலும் சென்னை மையத்தில் ரூபாயாகத்தான் வாங்குகிறார்கள், அதில் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது.

மூன்றாவதுதான் நாம் கவனிக்க வேண்டியது. தங்குமிடம், பஸ், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து டிராவல்ஸ்காரர் ஒருவருக்கு 1,400 யூரோ என்று விலை சொல்லியிருக்கிறார். இதை நாம் கட்டுவது ரூபாயில். கட்டுகிற நாளில் யூரோ என்ன விலையோ அந்த விலைக்குக் கட்டுவோம்.

கூகுளில் தெரியும் விலைக்கு நமக்கு யாரும் யூரோ தர மாட்டார்கள். எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் தினமும் வெளியிடும் குறிப்பு விகிதத்தோடு 2 ரூபாய் கூட்டி வாங்குவதாக டிராவல்ஸ்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே நம் கணக்கு 100 அல்ல, 102. 1,400 யூரோவுக்கு ரூ.1,42,800. இந்த 2 ரூபாய் கட்டாயம் போகப் போகிற செலவு. யூரோ விலை ஏறினால் சமாளிக்க எடுத்து வைக்கும் காப்புத் தொகை வேறு, இது வேறு.

தவணை மூன்று. இப்போது 400 யூரோ, ஜனவரி 31-க்குள் 500, மார்ச் 31-க்குள் 500. இப்போது கட்டும் 400-க்கு விலை தெரிந்துவிட்டது. பாக்கி 1,000 யூரோவுக்கு இன்னும் தெரியாது. அந்த 1,000 யூரோவின் இன்றைய மதிப்பான ரூ.1,02,000-இல் 8 சதவீதம், அதாவது ரூ.8,160-ஐ ரூ.8,200 என்று முழுமையாக்கிக் காப்புத் தொகையாக இப்போதே வாங்கி வைக்கிறோம்.

எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ரூ.2,45,000. இது போக, டிராவல்ஸ்காரரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரி பேக்கேஜ் தொகைக்கு 2025-26-இல் 5 சதவீதம். டிக்கெட்டும் யூரோ செலவும் சேர்ந்த ரூ.2,22,800-க்கு ரூ.11,140. அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

காப்புத் தொகை தனி சேமிப்புக் கணக்கில் இருக்கும். யூரோ விலை ஏறியதற்குத் தவிர வேறு எதற்கும் அதில் கை வைக்க மாட்டோம். கடைசித் தவணை கட்டிய 15 நாளில் மிச்சம் அவரவருக்கு வந்துவிடும். குறிப்பு விகிதம் 106-ஐத் தொட்டால் அன்றே அறிவிப்போம்.

இப்படிக்கு, பொருளாளர்.

---

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி

பிரதர், கடிதம் தெளிவா இருக்குங்க. ஆனா 8 சதவீதம் ரொம்ப அதிகம். நாங்க வெள்ளி வியாபாரத்துல தினமும் டாலர் ரேட் பார்க்குறவங்க. டாலர் வருஷத்துக்கு மூணு சதவீதம், மிஞ்சிப் போனா அஞ்சு ஏறும். அஞ்சு மாசத்துக்கு எட்டு எதுக்கு?

அதோட யூரோ எவ்ளோ பாக்கி, எத்தனை தவணைன்னு குழப்பாம மொத்தச் செலவுல 3 சதவீதம்னு ஒரே கணக்கா வாங்கிடுங்க. ரூ.2,40,000-க்கு 3 சதவீதம் ரூ.7,200. உங்க 8,200-க்குப் பக்கத்துலதான் வருது. வயசானவங்களுக்கும் சொல்லிப் புரிய வைக்கலாம்.

டிசிஎஸ் விஷயமும் ஒண்ணு. 32 பேர் தனித்தனியா கட்டுறதுக்குப் பதிலா அன்பியக் கணக்குலேர்ந்து ஒரே செக்கா போட்டுட்டா டிராவல்ஸ்காரருக்கும் வேலை மிச்சம்.

---

அஸ்தம்பட்டி கணக்கர்

பொருளாளர் ஐயாவுக்கு வணக்கம். கடிதத்தில் நல்ல வேலை என்னவென்றால், அந்த 2 ரூபாயைக் காப்புத் தொகையோடு கலக்காமல் பிரித்து வைத்தது. பெரும்பாலான குழுக்களில் கூகுள் ரேட்டில் பட்ஜெட் போட்டு மேலே 3 சதவீதம் வைப்பார்கள். அதில் இரண்டு சதவீதம் முதல் நாளே டிராவல்ஸ்காரர் வைக்கும் வித்தியாசத்தில் கரைந்துவிடும்.

வியாபாரி அண்ணே, உங்கள் 7,200-உம் இவர் 8,200-உம் அருகருகே வருவது தற்செயல். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் யூரோ ஏறினாலும் ஒன்றும் ஆகாது, அதற்கு எதற்குக் காப்பு? இதே ஆட்கள் அடுத்த வருடம் டிக்கெட் விலை பாதியாக உள்ள இடத்துக்குப் போனால், உங்கள் கணக்கில் காப்புத் தொகை குறையும். ஆனால் யூரோ பாக்கி அதே அளவு இருக்கும். எது ஆடுகிறதோ அதற்கு மட்டும் வைப்பதுதான் சரி.

டாலர் பற்றி. வெள்ளிக்கு டாலர் பார்ப்பது சரி. யூரோவுக்கு அது பாதிதான். ரூபாய்க்கு யூரோ என்ன விலை என்பது இரண்டு ஏற்ற இறக்கம் சேர்ந்தது: டாலருக்கு ரூபாய் எவ்வளவு, யூரோவுக்கு டாலர் எவ்வளவு. 2025 ஜனவரியில் டாலர் சுமார் 86 ரூபாய், செப்டம்பரில் சுமார் 88. அதை மட்டும் பார்த்தவர் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் அதே எட்டு மாதத்தில் ஒரு யூரோ சுமார் 1.03 டாலரிலிருந்து 1.17 டாலருக்குப் போனது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 89 ரூபாய் அளவில் இருந்த யூரோ 103-க்கு வந்துவிட்டது. பதினாறு சதவீதம்.

8 எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். அதே வருடம் மார்ச் தொடக்கத்தில் 91 பக்கம் இருந்தது ஏப்ரல் கடைசியில் 97-ஐ எட்டியது. இரண்டு மாதத்துக்குள் ஆறேழு சதவீதம். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் நடுவில் அப்படி ஒரு தாவல் வந்தால் தாங்குவதற்கு 8 போதும். வருடம் முழுக்க ஏறிக்கொண்டே போனால் போதாது. அதற்குத்தான் தவணை, அதற்குத்தான் அந்த 106 எச்சரிக்கை.

டிசிஎஸ்-ஐ மட்டும் அன்பியக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். யார் பான் எண்ணில் பில் போடுகிறார்களோ அவர் பெயரில்தான் வரி ஏறும். ஒரே செக், ஒரே பில் என்று போனால் 32 பேரின் ரூ.3,56,480 ஒரே பெயரில் நிற்கும், எந்தப் பயணியும் தன் கணக்கில் கேட்க முடியாது. போதாததற்கு 2025-26-இல் ஒருவருக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால் விகிதம் 20 சதவீதம். மொத்தப் பில்லும் 70 லட்சத்தைத் தாண்டுகிறதே. பணத்தை அன்பியம் வசூலித்துக் கொடுத்தாலும் பில் 32 தனித்தனிப் பெயரில், தனித்தனி பான் எண்ணில் வேண்டும். பான் இல்லாதவர் இருந்தால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் 5 இரட்டிப்பாகும். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவரும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்த 11,140 திரும்பும். கடிதத்தில் அதை ஒரு வரி சேர்க்கலாம்.

---

காப்பிக்காடு

நானும் இந்த 32-இல் ஒருவன். பொருளாளர் அண்ணாவுக்குத் தெரியும், இருந்தாலும் இங்கேயே கேட்கிறேன். எங்களுக்குக் காப்பி பறிப்பு நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரை ஓடும். காயவைத்து மூட்டை போட்டுப் பணம் கைக்கு வரப் பிப்ரவரி கடைசி ஆகிவிடும். பறிப்புக் கூலி கொடுக்கும் மாதத்தில்தான் முதல் இரண்டு தவணையும் விழுகிறது. டிக்கெட் பணத்தை எப்படியாவது புரட்டிவிடுவேன். 1,400 யூரோவையும் மார்ச்சில் ஒரே தடவையாகக் கட்டலாமா? காப்புத் தொகை 8,200-ஐ மற்றவர்கள் மாதிரி இப்போதே தந்துவிடுகிறேன்.

---

அன்பியப் பொருளாளர், ஏற்காடு

கணக்கர் ஐயா, பான் விஷயமும் கணக்குத் தாக்கலும் சேர்த்துவிட்டேன். நன்றி.

தம்பி, உனக்குச் சரி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உனக்குப் பாக்கி 1,000 யூரோ அல்ல, 1,400. 8 சதவீதம் என்றால் காப்புத் தொகை ரூ.11,424 வரும். மற்றவர்களுக்குப் பாதிக்கு மேல் யூரோ ஜனவரியிலேயே விலை முடிந்துவிடும். உனக்கு எல்லாம் மார்ச் வரைக்கும் திறந்தே கிடக்கும். முதல் தவணையைக் கட்டாதவருக்கு டிராவல்ஸ்காரர் அறை பிடிப்பாரா என்பதும் கேட்க வேண்டும். ஞாயிறு பேசலாம்.

---

அஸ்தம்பட்டி கணக்கர்

அந்தத் தம்பிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. முதல் தவணையாக 400 யூரோவுக்கு உரிய ரூ.40,800 கட்டினால் டிராவல்ஸ்காரர் ரசீதில் என்ன எழுதுவார்? "400 யூரோ பெறப்பட்டது, விகிதம் 102" என்றா? "முன்பணம் ரூ.40,800 பெறப்பட்டது" என்றா?

உங்கள் காப்புத் தொகைக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

---

அன்பியப் பொருளாளர், ஏற்காடு

மாதிரி ரசீது கையில் இருக்கிறது ஐயா. "அட்வான்ஸ் ரூபாய்" என்றுதான் இருக்கிறது. யூரோ என்ற பேச்சே இல்லை. பின்பக்க நிபந்தனையில் "இறுதிப் பில் கடைசித் தவணை நாளின் மாற்று விகிதப்படி" என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது.

---

அஸ்தம்பட்டி கணக்கர்

அப்படியானால் தவணை பிரித்ததால் பயன் இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், கூட்டத்தில் கரும்பலகையில் அப்படியே எழுதலாம்.

குறிப்பு விகிதம் இப்போது 100, ஜனவரி கடைசியில் 104, மார்ச் கடைசியில் 109 என்று வைத்துக்கொள்வோம். டிராவல்ஸ்காரர் விலை 102, 106, 111.

ரசீது யூரோவில் இருந்தால், முதல் 400 யூரோ 102-இல் முடிந்தது. இரண்டாவது 500-க்கு யூரோவுக்கு 4 ரூபாய் கூடுதல், ரூ.2,000. மூன்றாவது 500-க்கு 9 ரூபாய் கூடுதல், ரூ.4,500. ஆக ரூ.6,500. காப்புத் தொகை 8,200-இல் ரூ.1,700 மிஞ்சி ஆளுக்குத் திரும்புகிறது.

ரசீது ரூபாயில் இருந்தால், மார்ச் 31 அன்று அவர் போடும் பில் 1,400 யூரோ முழுவதற்கும் 111 ரூபாய். ரூ.1,55,400. அதில் நீங்கள் முன்பு கட்டிய ரூபாயைக் கழிப்பார். பட்ஜெட் ரூ.1,42,800. வித்தியாசம் ரூ.12,600. காப்புத் தொகை போதாமல் ஒருவருக்கு ரூ.4,400 துண்டு விழும். 32 பேருக்கு ரூ.1,40,800. ஏப்ரல் முதல் வாரத்தில், எல்லாரும் பெட்டி வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பணத்தைக் கேட்டுப் பொருளாளர் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும்.

ஏறுமுகம் இரண்டிலும் ஒன்றுதான். ரசீதில் எழுதிய வார்த்தைதான் வேறு. யூரோ இறங்கினால் ரூபாய் ரசீதுதான் நமக்கு லாபம் என்று யாராவது சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் ஓய்வூதியத்தில் பணம் சேர்க்கிறவர்களை வைத்துக்கொண்டு இறங்கும் என்று எதிர்பார்த்து உட்கார முடியாது.

அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு தவணையும் அன்றைய விகிதத்தில் யூரோவாக வரவு வைக்கப்படும் என்று ஒரு வரி, எழுத்தில். அவரும் அந்த வாரமே பணத்தை வெளிநாட்டு ஏஜென்சிக்கு அனுப்பினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அனுப்பாமல் நம் ரூபாயை வைத்துச் சுழற்றுகிறவர்தான் மறுப்பார். அவர் சொல்லும் பதிலிலேயே அது தெரிந்துவிடும்.

---

முக்திநாத் குழு, ஆத்தூர்

ஐயா வணக்கம். நாங்க 40 பேர் செப்டம்பர்ல நேபாளம் முக்திநாத் போறோம். இதைப் படிச்சுட்டு எங்க குழுவுலயும் 8 சதவீதம் வாங்கச் சொல்றாங்க. ஏற்கெனவே பணம் கட்டுனவங்ககிட்ட மறுபடி கேக்கணுமா?

---

அஸ்தம்பட்டி கணக்கர்

உங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாதுங்க. நேபாள ரூபாய் நம் ரூபாயோடு கட்டப்பட்டது, 1993-லிருந்து 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். ஆடாத விலைக்குக் காப்பு தேவையில்லை. உங்கள் ஏஜென்சி எதையாவது டாலரில் சொல்லியிருந்தால் அதற்கு மட்டும் பாருங்கள். மலையில் வானிலையால் விமானம் நின்று கூடுதலாக இரண்டு இரவு தங்க நேர்ந்தால் என்ன செலவு என்பதுதான் உங்கள் குழு எடுத்து வைக்க வேண்டிய பணம். அது ரேட் விஷயம் இல்லை.

---

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி

யூரோ தனியா ஆடும்ங்கறதை ஏத்துக்கிறேன். அப்போ சுலபமான வழி இருக்கே. இப்பவே ஆளுக்கு 1,000 யூரோ கையில வாங்கி பீரோவுல வெச்சுட்டா முடிஞ்சுது. ஏறுனா என்ன, இறங்குனா என்ன?

---

நாகலூர் மலர்

அண்ணே, அது முடியாதுங்க. பயணத்துக்கு 60 நாளுக்குள்ளதான் பணமாற்றுக்காரங்க யூரோ தருவாங்க, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் விசாவும் கேப்பாங்க. மே மாசப் பயணத்துக்கு நவம்பர்ல கிடைக்காது. அப்படியே கிடைச்சாலும் உள்ளூர் டிராவல்ஸுக்கு நாம யூரோ நோட்டா கொடுக்கக் கூடாது, ரூபாயாத்தான் கட்டணும். பொருளாளர் பேருல மொத்தமா வாங்கவும் வழியில்ல. வெளிநாட்டுப் பயணத்துக்கான அனுமதி தனி ஆளுக்குத்தான், அன்பியத்துக்கோ சங்கத்துக்கோ டிரஸ்டுக்கோ கிடையாது.

கைச்செலவு யூரோ பத்திக் கடிதத்துல ஒண்ணுமே இல்லையே, அதையும் சேர்க்கணும். மார்ச் நடுவுக்கு மேல ஒவ்வொருத்தரும் தன் பேருல 150 யூரோ வாங்கினாப் போதும். ரூபாயை ரொக்கமாக் கொடுத்து 50,000 வரைக்கும் வாங்கலாம், அதுக்கு மேலன்னா பேங்க் வழியாத்தான் கட்டணும். ஜிஎஸ்டி சின்னத் தொகைக்குக் குறைஞ்சது 45 ரூபாய்தான். அஞ்சு, பத்து, இருபது யூரோ நோட்டாக் கேட்டு வாங்குங்க. 200 யூரோ நோட்டைக் குடுத்தாங்கன்னா வேணாம்னு சொல்லிடுங்க, மெழுகுவத்தி விக்குற கடையில அதை மாத்தித் தர மாட்டாங்க. சேலத்துல காசு நாணயம் கிடைக்காது. வழியில பஸ் நிறுத்துற இடத்துல கழிப்பறைக்கு அரை யூரோ, ஒரு யூரோன்னு நாணயமாத்தான் போடணும். அதனால அங்க இறங்கின உடனே தண்ணி பாட்டில் வாங்கி ஒரு நோட்டைச் சில்லறையாக்கிடணும். வயசானவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

இன்னொண்ணு, உரோமையில ஹோட்டல்ல ஒரு இரவுக்கு ஆளுக்கு நகர வரி வாங்குவாங்க. 2025 கணக்குப்படி 3 நட்சத்திர ஹோட்டல்னா 6 யூரோ, 4 நட்சத்திரம்னா 7.50. மூணு இரவுன்னா 18 யூரோ, இல்லேன்னா 22.50. பெரும்பாலும் பேக்கேஜ்ல சேராது, சாவி வாங்குறப்பவே கேப்பாங்க. பிரான்ஸ்லயும் சின்னதா ஒண்ணு உண்டு. 1,400-ல இது அடங்கியிருக்கான்னு கேட்டு எழுதி வாங்குங்க. இல்லேன்னா ஆளுக்கு 25 யூரோவைத் தனியா ஒரு கவர்ல போட்டு வைக்கச் சொல்லுங்க.

கார்டு தேய்க்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மெஷின்ல `EUR` வேணுமா `INR` வேணுமான்னு கேக்கும். நம்ம ஊர்ப் பணம்னு ஆசையா `INR` அமுக்கினா அந்தக் கடைக்காரரோட பேங்க் வைக்கிற விலைக்குப் போயிடும். `EUR`-தான் அமுக்கணும்.

---

அன்பியப் பொருளாளர், ஏற்காடு

மலர் அக்கா, கைச்செலவுப் பகுதியை நீங்கள் சொன்னபடியே சேர்க்கிறேன். நகர வரி 1,400-இல் இல்லையாம், கேட்டுவிட்டேன்.

டிராவல்ஸ்காரரிடம் ரசீது விஷயமும் பேசினேன். ஒவ்வொரு தவணையும் யூரோவாக வரவு வைக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் முதல் தவணை கட்டாதவருக்கு அறை பிடிக்க முடியாது என்கிறார். அதோடு புதிதாக ஒரு வழியும் சொல்கிறார். பாக்கி 1,000 யூரோவுக்கும் இப்போதே 106 ரூபாய் என்று நிரந்தரமாக முடித்துக்கொள்ளலாமாம். மார்ச்சில் யூரோ 115 போனாலும் நமக்கு 106-தான். 98-க்கு இறங்கினாலும் 106-தான். எதை எடுப்பது?

---

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி

கண்ணை மூடிக்கிட்டு எடுங்க பிரதர். ஆளுக்கு 4,000 ரூபாய்தான் கூடுதல். காப்புத் தொகை 8,200 வாங்கவே வேண்டாம். வசூல் பாதியாக் குறையுது, பொருளாளருக்குத் தினம் ரேட் பார்க்குற வேலையும் இல்ல. தனிக் கணக்கு, திருப்பித் தர்ற கணக்கு எதுவும் வேண்டாம். வயசானவங்ககிட்ட ஒரே ஒரு எண்ணைச் சொன்னாப் போதும்.

---

அஸ்தம்பட்டி கணக்கர்

அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் இரண்டு தொகையும் ஒரே இனம் அல்ல. அந்த 4,000 கொடுத்தால் போனது போனதுதான். இந்த 8,200-இல் செலவாகாதது முழுவதும் திரும்பி வரும். இரண்டு தவணையும் ஐந்நூறு ஐந்நூறு யூரோ என்பதால் கணக்கு எளிது: ஜனவரி, மார்ச் இரண்டு நாளின் குறிப்பு விகிதத்தின் சராசரி 104-ஐத் தாண்டினால் 106-க்கு முடித்தவருக்கு லாபம். தாண்டாவிட்டால் காப்புத் தொகை வைத்தவருக்கு லாபம். எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வட்டி வித்தியாசத்தால் சில மாதம் கழித்து வாங்கும் யூரோவுக்கு இன்றே விலை முடித்தால் வங்கியிலும் இன்றைய விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும். அதனால் 4 ரூபாயும் அவர் சுருட்டுவது என்று நான் சொல்ல மாட்டேன். பேசிப் பாருங்கள், 105-க்கு வரலாம்.

நான் பயப்படுவது வேறு. அவர் உண்மையாகவே வங்கியில் யூரோவை அந்த விலைக்கு முடித்து வைத்தாரா, வாயால் மட்டும் 106 என்றாரா? யூரோ 112 போனால் வாயால் சொன்னவர் எரிபொருள் செலவு, ஹோட்டல் சீசன் என்று வேறொரு பெயரில் அதைக் கேட்பார். ஆகவே எழுத்தில் மூன்று விஷயம் வேண்டும். 106 என்பது எல்லா வரியும் சேர்த்த இறுதி விலையா? 32 பேரில் இரண்டு பேர் குறைந்தால் அதே விலை நிற்குமா? ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால் அவர் கட்டிய யூரோவை எந்த விகிதத்தில் திருப்புவார்? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 106-க்கு வாங்கி அன்றைய 98-க்குத் திருப்பினால், விசாவும் போய் யூரோவுக்கு 8 ரூபாயும் போகும்.

---

நாகலூர் மலர்

ஆளாளுக்கு அவங்க விருப்பம்னு விட்டா என்ன? பாதிப் பேர் 106-க்கு முடிக்கட்டும், பாதிப் பேர் காப்புத் தொகை வைக்கட்டும்.

---

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி

வேண்டாங்க அக்கா. ஒரே பஸ்ஸுல போறவங்க ஆளுக்கொரு விலை கட்டினா லூர்து போய்ச் சேர்றதுக்குள்ள பேச்சு வந்துடும். முடிச்சா எல்லாரும் முடிக்கணும்.

---

அஸ்தம்பட்டி கணக்கர்

இதில் நான் அக்கா பக்கம். யார் யூரோ யார் பெயரில் எந்த விலைக்கு முடிந்தது என்று பில்லில் தனித்தனியாக இருக்கும்போது சண்டைக்கு இடமில்லை. எல்லாருக்கும் சராசரி போடுவதில்தான் வம்பு. ஜனவரியில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவர் அன்றைய விலையைக் கட்ட வேண்டும். முன்னால் கட்டியவர்களோடு சேர்த்து அவருக்குச் சராசரி போட்டால் மற்ற 32 பேர் அவருக்காகப் பணம் தருவதாக ஆகிவிடும். கடிதத்தில் இதையும் எழுதிவிடுங்கள் ஐயா.

106 எச்சரிக்கையையும் கொஞ்சம் திருத்தலாம். இப்போது வெறும் அறிவிப்பு என்றிருக்கிறது. அறிவித்த பிறகு என்ன செய்வது என்று இல்லை. குறிப்பு விகிதம் 106 என்றால் டிராவல்ஸ்காரர் விலை 108. பாக்கி 1,000 யூரோவும் அப்படியே இருந்தாலும் கூடுதல் ரூ.6,000-தான், காப்புத் தொகையில் 2,200 மிச்சம் இருக்கும். அந்த இடத்தில் அடுத்த தவணை நாள் வரை காத்திருக்காமல், முடிந்தவர்கள் பாக்கியை ஒரு வாரத்துக்குள் கட்டிவிட வேண்டும் என்று எழுதுங்கள். 110 வரை காத்திருந்தால் கூடுதல் பத்தாயிரம் ஆகிவிடும், காப்புத் தொகையும் தீர்ந்துபோகும்.

---

அன்பியப் பொருளாளர், ஏற்காடு

மாற்றிய வரிகள்:

"ஒவ்வொரு தவணையும் கட்டிய நாளின் விகிதத்தில் யூரோவாக உங்கள் பெயரில் வரவாகும். ரசீதில் யூரோவும் விகிதமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரூபாய் மட்டும் எழுதியிருந்தால் வாங்காமல் என்னிடம் கொண்டு வாருங்கள்.

குறிப்பு விகிதம் 106-ஐத் தொட்டால் அன்று மாலை வாட்ஸப்பிலும் அடுத்த திருப்பலியிலும் அறிவிப்பு வரும். அதிலிருந்து 7 நாளுக்குள் முடிந்தவர்கள் பாக்கி யூரோ முழுவதையும் கட்டிவிட வேண்டும். முடியாதவர்கள் அதற்கு மேல் ஏறும் தொகையைக் காப்புத் தொகையிலிருந்தும், அது போதாவிட்டால் தாங்களாகவும் தர வேண்டியிருக்கும்.

பின்னர் சேருபவர் சேரும் நாளின் விலையைக் கட்டுவார். ஒருவர் காப்புத் தொகை மற்றவர் பாக்கிக்குப் போகாது. விசா மறுக்கப்பட்டவருக்கு அவரது காப்புத் தொகையில் செலவாகாதது அப்படியே திரும்பும்."

106-க்கு முடிப்பதா வேண்டாமா என்பதைக் கணக்கர் ஐயாவின் மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு கூட்டத்தில் வைக்கிறேன்.

---

காப்பிக்காடு

அண்ணா, அறை பிடிக்க முதல் 400 யூரோ கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டிவிடுகிறேன், மிளகு கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. ஜனவரித் தவணையை மட்டும் மார்ச்சுக்குத் தள்ளலாமா? பாக்கி 1,000 யூரோ என்பதால் எனக்கும் அதே 8,200 போதுமா, இல்லை ஜனவரிக்குப் பிறகும் முழு ஆயிரமும் திறந்திருப்பதால் கூடுதலாக வைக்க வேண்டுமா?

---

அஸ்தம்பட்டி கணக்கர்

கூடுதலாக வைப்பது நல்லது தம்பி. மேலே போட்ட அதே கற்பனை விலையில், மற்றவர்களுக்கு ஆன கூடுதல் 6,500. உனக்கு 1,000 யூரோவும் 111-க்குப் போவதால் 9,000 ஆகும், 8,200 போதாது. நான் 10,000 வைப்பேன். 106 அறிவிப்பு பறிப்பு நேரத்தில் வந்தால் உன்னால் ஏழு நாளில் கட்ட முடியாது என்பதையும் பொருளாளர் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். உன் மாதிரி தோட்டக்காரர்கள் 32-இல் எத்தனை பேர் என்று தெரிந்தால், அவர்களுக்கு மட்டும் அந்த 106 ஒப்பந்தத்தைப் பார்க்கலாமா என்றும் யோசிக்கலாம்.

---

அன்பியப் பொருளாளர், ஏற்காடு

ஏழு பேர் ஐயா. ஞாயிறு அவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன்.